அலங்காரத்திற்கு முன்னும் பின்னும்

நம் பெண்களில் சிலர் மணப்பெண் அலங்காரத் தொழில் செய்கிறார்கள். கைவேலையைக் காட்ட, முன்னும் பின்னுமாக இரு படங்களை ஆல்பத்தில் வைப்பது வழக்கம்.

பொய் பெரும்பாலும் முதல் படத்திலேயே நுழைந்துவிடுகிறது. விளக்கு தலைக்கு மேலே எரிந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். முகம் வாடித் தெரியும். அதே விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால், பவுடர் பூசாமலேயே முகம் தெளிந்துவிடும். விடியலில் தொடங்கும் வேலை முடிவதற்குள் பகல் வெளிச்சமும் மாறிவிடும். ஆகவே சன்னலை மூடி, ஒரே விளக்கில், ஒரே தூரத்தில், ஒரே முகபாவத்தில் இரண்டையும் எடுப்போம். பின்னாலுள்ள சுவரின் நிறம் இரு படத்திலும் ஒன்றாக இருந்தால், ஒளியும் பெரிதாக மாறியிருக்காது என்று ஊகிக்கலாம்.

கைப்பேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் இரண்டிலும் ஒரே அளவு கூட்டலாம். பருவை அழிக்கக் கூடாது; அதை மறைத்தது நம் கைத்திறன் அல்லவே!

அனுமதியை வேலை தொடங்குமுன் கேட்போம். படத்தை எங்கே காட்டுவோம் என்று எழுதிக் கையொப்பம் பெறுவோம். மணப்பெண், "பின் படம் போதும், முன் படம் வேண்டாம் அக்கா" என்றால், முன் படத்தை அவர் கண்ணெதிரே அழித்துவிடுவோம்.