வகைக்கெழு 'மறையும்' இடம்

பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியில் முடித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு நுண்கணிதம் புதிய பாடமல்ல. கரும்பலகையில் dy/dx என்று எழுதினால், பள்ளியிலும் அதை 'டீ ஒய் பை டீ எக்ஸ்' என்றுதான் வாசித்திருப்பார். பெயர்ச்சொற்களும் சில வாரங்களில் பழகிவிடும். சார்பு என்றால் ஃபங்ஷன், எல்லை என்றால் லிமிட், தொடுகோடு என்றால் டேன்ஜென்ட். கலைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகின்றன. மாணவர் தடுக்கி விழுவதோ பெயர்ச்சொற்களைச் சுற்றியிருக்கும் சாதாரணச் சொற்களில்.

f(x) = x³ − 3x என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். இதன் வகைக்கெழு 3x² − 3. வகுப்பில் பேராசிரியர், "த டெரிவேட்டிவ் வேனிஷஸ் அட் பிளஸ் ஆர் மைனஸ் ஒன்" என்கிறார். வேனிஷ் என்றால் மறைவது என்று மாணவருக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு இடங்களிலும் வகைக்கெழு கிடையாது என்று குறித்துக்கொள்கிறார். பேராசிரியர் சொன்னதோ நேர் எதிர். வகைக்கெழு அங்கே இருக்கிறது, அதன் மதிப்பு 0. வளைவரையின் தொடுகோடு அங்கே படுக்கையாக இருக்கிறது என்று பொருள். வகைக்கெழு உண்மையிலேயே இல்லாத இடம் வேறு மாதிரி இருக்கும். |x| என்ற சார்பு x = 0-இல் கூர்மையாகத் திரும்புகிறதே, அதுபோல. அதை ஆங்கிலத்தில் 'டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்பார்கள். குறிப்பேட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, பக்கத்தில் இந்த இரு சார்புகளையும் வரைந்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

அதே கணக்கில் அடுத்த தடுக்கல் 'அட்' என்ற சின்னச் சொல். இரண்டாம் வகைக்கெழு 6x. x = −1 என்னும்போது அது −6, குறை எண். ஆகவே அங்கே இடஞ்சார்ந்த பெருமம். "லோக்கல் மேக்சிமம் அட் மைனஸ் ஒன்" என்பதைக் கேட்டுவிட்டு, மேக்சிமம் எவ்வளவு என்ற கேள்விக்கு −1 என்று எழுதிய விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். பெருமம் −1-இல் வருகிறது. பெருமம் f(−1), அதாவது 2. தமிழில் 'இல்' என்ற உருபு எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருவதால் காதில் நிற்கும். ஆங்கிலத்தில் 'அட்' எண்ணுக்கு முன்னால் வேகமாக ஓடிவிடும். 'லோக்கல்' என்பதையும் விட்டுவிடக் கூடாது. x = 3 என்றால் இந்தச் சார்பின் மதிப்பு 18. எனவே 2 பெருமமாக இருப்பது −1-க்கு அருகில் மட்டும்தான்.

சொற்குடும்பம் மாறுவதும் ஒரு சிக்கல். நம் பாடநூலில் வகையிடல், வகைக்கெழு, வகையீடு மூன்றும் 'வகை' என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தில் முதலும் மூன்றாவதும், அதாவது டிஃபரன்ஷியேஷனும் டிஃபரன்ஷியலும், ஒரு குடும்பம். நடுவிலுள்ள டெரிவேட்டிவ் வேறு குடும்பம். அதனால் 'டெரைவ் த ஃபார்முலா' என்று வினாத்தாளில் கண்டதும் சிலர் சூத்திரத்தை வகையிடத் தொடங்கிவிடுகிறார்கள். டெரைவ் என்றால் வருவி, படிப்படியாகப் பெறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் டெரிவேட்டிவுக்குப் 'பெறுதி' என்று பெயர். அந்தச் சொல்லில் ஆங்கில வேர் அப்படியே தெரிகிறது. குறிப்பேட்டில் இதையும் எழுதி வைப்பது நல்லது.

இன்டெக்ரல் என்ற சொல் இன்னும் ஏமாற்றும். பெயராக வந்தால் தொகை. 'இன்டெக்ரல் வேல்யூஸ் ஆஃப் n' என்று அடைமொழியாக வந்தால் n-க்கு முழு எண் மதிப்புகள். அங்கே தொகையிட எதுவும் இல்லை. பின்னால் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் விடக் கடினம், வாக்கியம் திரும்புவது. எல்லையின் வரையறையை ஆங்கில நூல்கள் சில |f(x) − L| < ε என்ற முடிவை முதலில் சொல்லி, 'வெனெவர்' போட்டு, 0 < |x − a| < δ என்ற நிபந்தனையைக் கடைசியில் வைக்கும். தமிழில் நிபந்தனை முன்னால் வரும்: 'x இவ்வளவு அருகில் இருக்கும்போதெல்லாம், f(x) இவ்வளவு அருகில் இருக்கும்.' வரிசையாக வாசித்துக்கொண்டே மொழிபெயர்த்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். நான் மாணவர்களிடம் சொல்வது, 'வெனெவர்' கண்ணில் பட்டதும் பென்சிலால் அதைச் சுற்றி வட்டமிடுங்கள், வலப்பக்கம் இருப்பதை முதலில் படியுங்கள், பிறகு இடப்பக்கம் வாருங்கள். 'இஃப்' நடுவில் வரும் தேற்றங்களுக்கும் இதே வழிதான்.