சுங்க வரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

விமானத்தில் வந்த இயந்திர உதிரிபாகத்துக்கு முகவர் ஒரே மொத்தத் தொகையைச் சொன்னால், உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் 'பில் ஆஃப் என்ட்ரி'யின் நகலைக் கேளுங்கள். அரசுக்குப் போகும் வரி அதில் இனம் இனமாக இருக்கும். முகவர் கட்டணமும் கிடங்கு வாடகையும் வரி அல்ல. அவற்றுக்குத் தனி ரசீது வேண்டும்.

அடுத்து, எந்த மதிப்பின் மேல் வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பொருளின் விலையோடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்ததே அந்த மதிப்பு. ஆனால் விமானச் சரக்குக்கு ஒரு வரம்பு உண்டு: ஏற்றுமதி நாட்டில் விமானத்தில் ஏற்றும் வரையிலான விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது.

அந்த விலை 1,00,000 ரூபாய், விமானக் கட்டணம் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 மட்டுமே சேர வேண்டும். முழுத் தொகையையும் சேர்த்திருந்தால் மதிப்பு 15,000 கூடிவிடும். அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 1,500. அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 150. மூன்றையும் கூட்டிய 16,650-க்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 2,997. ஆக, 4,647 ரூபாய் அதிகம்.

தவறு உங்கள் தரப்புப் பதிவில் என்றால், திருத்தம் கோரி ஆவணங்களோடு விண்ணப்பியுங்கள். அதிகாரி மதிப்பை உயர்த்தியிருந்து, அதை நீங்கள் எழுத்தில் ஏற்காவிட்டால், மறுமதிப்பீடு செய்த 15 நாளுக்குள் அவர் காரணம் விளக்கும் உத்தரவு தர வேண்டும். அந்த உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். மதிப்பீட்டை மாற்றாமல் பணத்தை மட்டும் திருப்பிக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.