உலக சாதனை: ஓடி முடித்த பிறகு நடப்பது என்ன?

2022 ஜூலை 24. அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகத் தடகளப் போட்டியின் கடைசி நாள். பெண்கள் 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உலக சாதனை அதுவரை 12.20 வினாடி. நைஜீரியாவின் டோபி அமுசான் அரையிறுதியில் 12.12 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து இறுதிப் போட்டியில் இன்னும் வேகமாக, 12.06 வினாடியில் ஓடி முடித்தார். ஆனால் சாதனைப் பட்டியலில் ஏறியது 12.12 மட்டுமே. 12.06 அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது, சாதனை தரவில்லை.

காரணம் காற்று. அரையிறுதியில் பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் வினாடிக்கு 0.9 மீட்டர். இறுதிப் போட்டியில் 2.5 மீட்டர். 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் முதுகுக் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது சாதனை ஆகாது. 2 மீட்டர் காற்று 100 மீட்டர் ஓட்டக்காரருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடியை மிச்சப்படுத்திக் கொடுத்துவிடும். அந்த அளவுக்குத்தான் சலுகை. அதற்கு மேல் கிடையாது.

இந்தக் காற்றை எங்கே, எப்படி அளப்பது என்பதற்கும் விதி உண்டு. முதல் தடத்தின் பக்கத்தில், முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானி நிற்க வேண்டும். 100 மீட்டர் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி, தடை தாண்டும் ஓட்டத்துக்கு 13 வினாடி அளந்து சராசரி எடுக்கிறார்கள். அளவு 2.03 என்று வந்தால் அதை 2.0 என்று எழுதக் கூடாது, 2.1 என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கணமே சாதனை கைநழுவிவிடும். சந்தேகம் எழும் இடத்தில் எல்லாம் கணக்கு வீரருக்குப் பாதகமாகவே முடிக்கப்படுகிறது. சாதனையைச் சரிபார்க்கும் முறை முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

நேரக் கணக்கிலும் அதே கதைதான். முடிவுக் கோட்டை நேராகப் பார்த்தபடி ஒரு கேமரா நிற்கிறது. அது கோட்டை மட்டுமே, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடிக்கிறது. அந்தப் படத்தில் வீரரின் உடற்பகுதி கோட்டைத் தொடும் இடத்தை நடுவர்கள் குறித்து நேரத்தைப் படிக்கிறார்கள். தலையோ கையோ காலோ முந்தினால் கணக்கில்லை. படித்த நேரம் 9.766 என்று இருந்தால் அதை மேல்நோக்கி 9.77 என்றுதான் அறிவிக்க வேண்டும்.

கேமராவே தவறாக ஓடியிருந்தால்? அதற்காகத்தான் போட்டி தொடங்குமுன் பூஜ்யச் சோதனை என்று ஒன்றைச் செய்கிறார்கள். தொடக்கத் துப்பாக்கியைக் கேமராவுக்கு எதிரே கொண்டுவந்து சுட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கி வெடித்த கணமும் கடிகாரம் ஓடத் தொடங்கிய கணமும் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. சாதனைக்கு விண்ணப்பிக்கும்போது ஓட்டத்தின் முடிவுக் கோட்டுப் படத்தோடு இந்தச் சோதனையின் படத்தையும் இணைத்தாக வேண்டும்.

ஆம், சாதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டம் நடந்த நாட்டின் தடகளச் சங்கம், வீரர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், 30 நாளுக்குள் அதற்கான படிவத்தை உலகத் தடகள அமைப்புக்கு அனுப்புகிறது. போட்டி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு அனுமதி பெற்றதா, ஓட்டத்தில் குறைந்தது மூன்று பேராவது உண்மையாகப் போட்டியிட்டார்களா, ஓடுதளம் அளந்து சான்று பெற்றதா என்று பார்க்கிறார்கள். தொடக்கம், நேரம், காற்று ஆகியவற்றுக்குப் பொறுப்பான அலுவலர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அமைப்பின் தலைவரும் தலைமைச் செயல் அலுவலரும் சேர்ந்து சாதனையை ஏற்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

காகிதங்களில் மிகக் கனமானது ஊக்கமருந்துச் சோதனை அறிக்கை. ஓட்டம் முடிந்ததும் சோதனைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வீரரிடம் வந்து தகவல் சொல்வார். அதன் பிறகு மாதிரி கொடுத்து முடிக்கும் வரை வீரரை அவர் கண்ணை விட்டு அகல விட மாட்டார். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீரை ஓர் அலுவலரின் கண்ணெதிரே கொடுக்க வேண்டும். அதை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுவார்கள். குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் அது போகும். ஏ குப்பியில் தடை செய்யப்பட்ட பொருள் தெரிந்தால், பி குப்பியைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை வீரருக்கு உண்டு. சோதனையே நடக்கவில்லை என்றால் விண்ணப்பத்துக்கு மதிப்பில்லை.

இந்தப் படிகள் ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஜஸ்டின் காட்லின் ஓடிய ஓர் ஓட்டமே போதும். 2006 மே 12 அன்று தோஹாவில் அவர் 100 மீட்டரை 9.76 வினாடியில் ஓடியதாக அறிவிப்பு வந்தது. ஜமைக்காவின் அசபா பவல் வைத்திருந்த 9.77 போயிற்று என்று உலகம் கொண்டாடியது. ஐந்து நாள் கழித்துத் திருத்தம் வந்தது. கேமராவில் படித்த நேரம் 9.766. மேல்நோக்கி எழுதியிருக்க வேண்டியதைக் கீழ்நோக்கி எழுதிவிட்டார்கள். ஆகவே அது 9.77, சாதனை முறிப்பு அல்ல, சமன் மட்டுமே. அதுவும் நிலைக்கவில்லை. தோஹாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவின் கான்சாஸில் அவர் கொடுத்திருந்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் பயன்பாடு தெரிந்தது. அந்த நாள் முதல் அவர் பெற்ற முடிவுகள் எல்லாம் ரத்தாயின. தோஹா ஓட்டமும் அவற்றோடு போனது. சாதனை பவல் ஒருவருடையதாகவே நின்றது.

ஆனால் ஒரு கருவி தவறான அளவைக் காட்டி, அதைக் காகிதமும் உறுதி செய்துவிட்டால் இந்த முறையால் ஒன்றும் செய்ய முடியாது. 1988 ஜூலை 16 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் பெண்கள் 100 மீட்டரை 10.49 வினாடியில் ஓடினார். காற்றுமானி 0.0 என்று காட்டியது. ஏறக்குறைய அதே நேரத்தில் பக்கத்தில் மும்முறைத் தாண்டுதலுக்கு வைத்திருந்த மானி 4.3 காட்டியது. அன்று நடந்த மூன்றாவது காலிறுதி ஓட்டத்தில் காற்று 5.0 என்று பதிவானது. முதலிரண்டு காலிறுதிகளில் மட்டும் காற்று அசையவே இல்லை என்பதைப் பல நிபுணர்கள் நம்பவில்லை. ஆனாலும் கருவிக்குச் சான்று இருந்தது, படிவத்தில் கையெழுத்து இருந்தது, சாதனை ஏற்கப்பட்டது. அது இன்றுவரை நிற்கிறது. இப்போது உலக சாதனைக்கு, சுழலும் பாகம் எதுவும் இல்லாத, ஒலியலையால் காற்றை அளக்கும் மானிகளை மட்டுமே ஏற்கிறார்கள்.

எனவே வேக ஓட்டத்தில் புதிய உலக சாதனை என்று தொலைக்காட்சி அலறும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் காற்றின் அளவை முதலில் பாருங்கள். அது 2.0க்குள் இருந்தாலும், ஏற்கப்பட்டது என்ற அறிவிப்பு வரும்வரை அதைச் சாதனைக் கோரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.