குமிழைத் திருப்பும் மின்சாரம்

கிதார் கலைஞர் ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். ஒலி மட்டும் அலை அலையாய் ஏறி இறங்கிக்கொண்டே போகிறது. ட்ரெமலோ என்பார்கள் இதை. சுருதி மாறுவதில்லை, சத்தத்தின் அளவுதான் நொடிக்கு நாலைந்து முறை கூடிக் குறைகிறது. வால்யூம் குமிழைக் கையால் அந்த வேகத்தில் திருப்பிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. குமிழின் வேலையை ஒரு மின்னழுத்தம் செய்ய வேண்டும். அதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு சிப் உண்டு: ஆபரேஷனல் ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ் ஆம்ப்ளிஃபயர். சுருக்கமாக ஓ.டி.ஏ.

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1969-ல் சிஏ3080 என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அது தயாரிப்பில் இல்லை. பின்னால் வந்த எல்எம்13700 இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. பதினாறு கால்கள், உள்ளே இரண்டு ஓ.டி.ஏ.க்கள்.

வழக்கமான ஆப்-ஆம்பில் மின்னழுத்தம் உள்ளே போய், மின்னழுத்தமாகவே வெளியே வருகிறது. எத்தனை மடங்கு பெருக வேண்டும் என்பதை நாம் வெளியே போடும் ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. ஓ.டி.ஏ.வில் மின்னழுத்தம் உள்ளே போனால் வெளியே வருவது மின்னோட்டம். எவ்வளவு மின்னோட்டம் என்பதைத் தீர்மானிக்க பயஸ் என்று தனியாக ஒரு கால் இருக்கிறது.

உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கின்றன. பயஸ் காலில் நாம் செலுத்தும் மின்னோட்டத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு வாய்க்கால் நீர் இரண்டாகப் பிரிகிற இடத்தில் மடைப்பலகை வைத்ததுபோல. உள்ளீட்டுச் சிக்னல் பலகையை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறது, இரு கிளைகளில் ஓடும் நீரின் வித்தியாசம்தான் வெளியீடு. வாய்க்காலில் வரும் நீரையே குறைத்துவிட்டால், பலகை அதே அளவு அசைந்தாலும் வித்தியாசம் சிறுத்துவிடும். நீரே வராவிட்டால் வித்தியாசமும் இல்லை, சத்தமும் இல்லை.

கணக்கு எளிது. பயஸ் மின்னோட்டத்தை 52 மில்லிவோல்ட்டால் வகுத்தால், உள்ளீட்டின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எவ்வளவு மின்னோட்டம் வெளியே வரும் என்பது கிடைக்கும். அரை மில்லி ஆம்பியர் கொடுத்தால், 10 மில்லிவோல்ட் சிக்னலுக்கு ஏறக்குறைய 96 மைக்ரோ ஆம்பியர் வெளியே வரும். அதை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு விட்டால் அதன் மேல் 0.96 வோல்ட் கிடைக்கும். பயஸைப் பாதியாக்கினால் இதுவும் பாதியாகும்.

இந்த 52 மில்லிவோல்ட் நாம் தேர்ந்தெடுத்த எண் அல்ல. ட்ரான்சிஸ்டரின் இயல்பும் அறையின் வெப்பமும் சேர்ந்து தந்தது. ஓ.டி.ஏ.வின் வசதியும் தொல்லையும் இதிலிருந்துதான் வருகின்றன. உள்ளீடு இதைவிட நன்றாகச் சிறியதாக இருக்கும்வரைதான் கணக்கு நேர்க்கோட்டில் போகும். 10 மில்லிவோல்ட் உச்சத்தில் மூன்றாம் ஹார்மோனிக் சிதைவு 0.3 சதவீதம்தான், காதுக்குத் தெரியாது. 25 மில்லிவோல்ட்டில் அது 2 சதவீதத்தை நெருங்குகிறது. 50-க்குப் போனால் ஒலி கரகரக்கத் தொடங்கிவிடும். உள்ளீட்டை மிகவும் குறைத்தாலோ சிப்பின் சொந்த இரைச்சல் மேலே வரும். அதனால் ஒரு வோல்ட் உச்சமுள்ள சிக்னலை 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ஜோடியால் நூறில் ஒன்றாகக் குறைத்து, சுமார் 10 மில்லிவோல்ட்டாகத்தான் உள்ளே விடுகிறோம். குறைத்துவிட்டுப் பிறகு பெருக்குவது வீண்வேலைபோலத் தோன்றும், ஆனால் வேறு வழியில்லை. எல்எம்13700-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தவென்றே உள்ளீட்டில் டையோடுகள் இருக்கின்றன. எளிய சர்க்யூட்டில் அவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பயஸ் காலில்தான். பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை என்று வைத்துக்கொள்வோம். முதல் காலான பயஸ், மைனஸ் சப்ளைக்கு ஒன்றேகால் வோல்ட் போல மேலே, அதாவது மைனஸ் 10.7 வோல்ட் அருகே உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல், 0 முதல் 5 வோல்ட்வரை மாறும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அங்கே இணைத்தால் என்ன ஆகும்? கட்டுப்பாடு 0 வோல்ட்டில் இருக்கும்போதே 0.49 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். 5 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 0.71 ஆகும். சத்தம் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான், ஒருபோதும் அடங்காது. சிப் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றி எறிபவர்கள் உண்டு. சிப்பின் மேல் தவறே இல்லை.

ஒரு சாதாரண பிஎன்பி ட்ரான்சிஸ்டர் இதற்குப் போதும். அதன் பேஸை கிரவுண்டில் கட்டுங்கள், கலெக்டரை பயஸ் காலுக்குக் கொடுங்கள், எமிட்டருக்கு 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கொடுங்கள். 0.6 வோல்ட் வரை எதுவும் ஓடாது, முழு அமைதி. 1 வோல்ட்டில் 0.05 மில்லி ஆம்பியர், 5 வோல்ட்டில் 0.54. நொடிக்கு ஐந்து முறை 1-க்கும் 5-க்கும் இடையே ஊசலாடும் ஆஸிலேட்டரை இங்கே இணைத்தால், சத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் முழு அளவுக்கும் இடையே ஏறி இறங்கும். ட்ரெமலோ தயார். ஆனால் பயஸ் காலை ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் கிரவுண்டிலோ பிளஸ் சப்ளையிலோ தொட்டுவிடாதீர்கள். அந்தக் கால் தாங்குவது 2 மில்லி ஆம்பியர்தான், மீறினால் சிப் அங்கேயே போய்விடும்.

வெளியீட்டிலும் ஒரு விஷயம். அங்கே வருவது மின்னோட்டம் என்பதால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு 10 கிலோ ஓம் சுமை வந்து சேர்ந்தால் சிக்னல் பாதியாகிவிடும். நடுவே ஒரு பஃபர் கட்டாயம் வேண்டும். எல்எம்13700-ன் உள்ளேயே ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று ஓர் அடி கேட்கலாம். கிதாரைக் கழற்றி உள்ளீட்டை கிரவுண்டில் கட்டிப் பாருங்கள். அடி தொடர்ந்து கேட்டால், அது சிக்னலோடு வந்தது அல்ல. உள்ளே இருக்கும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களும் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், சிப்புக்கு அதுவும் ஒரு சிக்னல்தான். பயஸ் முழு அளவில் இருக்கும்போது வெளியீட்டில் அது 100 மில்லிவோல்ட் அளவுக்கு நிற்கும், பயஸ் இறங்கும்போது சுருங்கும். ஆஸிலேட்டரின் ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஏறி இறங்குவதைத்தான் நாம் அடியாகக் கேட்கிறோம். வெளியீட்டில் கெபாசிட்டர் போட்டால் மெதுவான ஏற்ற இறக்கம் தணியும், வேகமான தாவல் தப்பி வந்துவிடும்.

சரியான மருந்து மைனஸ் உள்ளீட்டில் இருக்கிறது. பிளஸ் உள்ளீட்டைப் போலவே அதையும் 1 கிலோ ஓம் வழியாக கிரவுண்டில் கட்ட வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால், உள்ளீடுகள் இழுக்கும் சிறு மின்னோட்டமே புதிதாக ஒரு வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். பிறகு இரு சப்ளைகளுக்கும் இடையே 100 கிலோ ஓம் ட்ரிம்மர் ஒன்றை வைத்து, அதன் நடுக்காலை 2.2 மெகா ஓம் வழியாக மைனஸ் உள்ளீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரு பக்கமும் சுமார் 5 மில்லிவோல்ட் வரை நகர்த்த இடம் கிடைக்கும். ஆஸிலேட்டரை ஓடவிட்டு, உள்ளீட்டை கிரவுண்டிலேயே வைத்துக்கொண்டு, அடி மிகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் ட்ரிம்மரை நிறுத்துங்கள். அலைக்காட்டி தேவையில்லை, காதே போதும். சிப் சூடான பிறகு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இதே சர்க்யூட்டைச் சாதாரண வால்யூம் கட்டுப்பாடாகப் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பயஸைப் பாதியாக்கினால் 6 டெசிபல்தான் குறைகிறது, காதுக்கு அது பாதிச் சத்தமாகத் தோன்றாது. குமிழைத் திருப்பத் திருப்ப ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, கடைசிக் கொஞ்சத்தில் ஒலி திடீரென விழுந்துவிடும். ட்ரெமலோவில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் சுரம் மெல்லத் தேய்ந்து மறைய வேண்டிய சிந்தசைசரில், அந்த 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, ட்ரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்திப்பையே நேரடியாகக் கட்டுப்படுத்துவார்கள். அங்கே ஒவ்வொரு 18 மில்லிவோல்ட்டுக்கும் மின்னோட்டம் இரட்டிப்பாகும், குமிழின் ஒவ்வொரு சம அளவுத் திருப்பத்துக்கும் அதே அளவு டெசிபல் கூடும் அல்லது குறையும்.