எட்டிப் பார்க்காத 10 நிமிடம்

ஜன்னல் கண்ணாடி உடைந்து மாணவன் ஒருவனின் முன்கை ஆழமாகக் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா?" என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு, உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் எடுக்காமல், மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அப்புறம்தான் கட்டு. விரல் நகத்தை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கட்டு இறுக்கம், கொஞ்சம் தளர்த்துங்கள்.

ரத்தம் நின்றாலும் முகத்தைப் பாருங்கள். வெளிறி, தோல் சில்லிட்டு வியர்த்து, நாடி வேகமாகவும் மெலிதாகவும் ஓட, பையன் நிலைகொள்ளாமல் "தண்ணி" கேட்டால், அது அதிர்ச்சி நிலை. தண்ணீர் தராமல் படுக்கவைத்து, போர்த்தி, உடனே 108-ஐ அழையுங்கள்.