மூன்று சேலை எங்கே போயிற்று?

ஒரு ரகத்தில் 20 சேலைகள் இருப்பு. கடைக்கு வந்தவர்கள் 3 வாங்கிப் போனார்கள். கடையின் மென்பொருள், ஆன்லைன் சந்தைக்கு “இருப்பில் 3 கழி” என்று ஏபிஐ வழியே தகவல் அனுப்புகிறது. முப்பது நொடி ஆகியும் பதில் இல்லை. மறுபடி அனுப்புகிறது; இம்முறை “சரி” என்று வருகிறது. மறுநாள் பார்த்தால் அலமாரியில் 17, சந்தையில் 14.

முதல் தகவலும் போய்ச் சேர்ந்திருந்தது. தொலைந்தது அதற்கான பதில் மட்டுமே. அதனால் மறுபடி அனுப்பும் முன், முதல் முறை என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

`429` என்று பதில் வந்தால், அளவுக்கு மீறிக் கேட்டதால் சந்தை அதை ஏற்கவில்லை என்று பொருள். வேலை நடக்கவில்லை, மறுபடி அனுப்பலாம். ஆனால் உடனே அல்ல. அமேசானில் ஆர்டர் பட்டியலைக் கேட்கும் `getOrders` அழைப்புக்கு வழக்கமான வரம்பு, நொடிக்கு 0.0167. அதாவது கையில் 20 டோக்கன் இருக்கும். தீர்ந்த பிறகு நிமிடத்துக்கு ஒன்றுதான் சேரும். அங்கே இரண்டு நொடிக்கொரு முறை தட்டிப் பயனில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று `Retry-After` சொன்னால் அதன்படி நடக்கலாம். சொல்லாவிட்டால், வரம்புக்கு ஏற்ற இடைவெளியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் அதை இரட்டிப்பாக்க வேண்டும். கூடவே சில நொடிகளை முன்பின்னாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் காத்திருந்த அழைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் போய் மோதும்.

`400` வந்தால் தகவலிலேயே பிழை. எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். திருத்தித்தான் அனுப்ப வேண்டும்.

சிக்கலானது, பதிலே வராத நேரம். அங்கே “3 கழி” என்பது ஆபத்தான வாசகம். இரண்டு முறை போனால் இரண்டு முறை கழியும். “17 ஆக்கு” என்றால் எத்தனை முறை போனாலும் 17தான். ஆனால் இடையில் சந்தையிலேயே ஒன்று விற்று 16 ஆகியிருந்தால், தாமதமாகப் போகும் “17 ஆக்கு” அந்த விற்பனையை அழித்துவிடும். ஆகவே “இப்போது 20 இருந்தால் மட்டும் 17 ஆக்கு” என்று நிபந்தனையோடு அனுப்புவது நல்லது. சந்தை மறுத்தால், இருப்பை மறுபடி படித்து, அதற்குள் என்ன நடந்தது என்று பார்த்த பிறகே அடுத்த தகவல்.

நிபந்தனைக்கு வசதி இல்லாத சில ஏபிஐகள், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடையாள எண்ணை ஏற்கும். அதே எண் மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரும். அந்த எண்ணை அனுப்பும் முன்பே நம் தரவுத்தளத்தில் எழுதிவைக்க வேண்டும். முயற்சிக்கு ஒரு புது எண் போட்டால் சந்தைக்கு அது புது வேலைதான். மறுபடியும் 14தான் மிஞ்சும்.