பத்துக் கிலோ பிரியாணி: அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

தமிழ்நாட்டில் “பத்துக் கிலோ பிரியாணி போடணும்” என்று யார் சொன்னாலும் அது பத்துக் கிலோ அரிசியைத்தான் குறிக்கும். கறியின் எடை அதில் சேராது. அதை வாய் திறந்து பேசி முடிக்காவிட்டால், பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் குறை தெரியவரும்.

ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது பலரும் சொல்லும் கணக்கு. கொஞ்சம் தாராளமான வீடுகளில் ஒன்றரைக் கிலோ போடுவார்கள். காகிதத்தில் சரிபாதியாகத் தெரியும் இந்தக் கணக்கு வெந்த பிறகு அப்படி இருக்காது. ஒரு கிலோ அரிசி தண்ணீர் குடித்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோ சோறாகும். ஒரு கிலோ ஆட்டுக்கறியோ நீர் விட்டுச் சுருங்கி, எலும்போடு சேர்த்து 700 கிராம் அளவில் நிற்கும். அதாவது சமமாகப் போட்டாலும் தட்டில் கறியைப் போல மூன்றரை மடங்கு சோறு இருக்கும். அதனால் விகிதத்தைக் கிலோவில் யோசிப்பதைவிட, தட்டுக்கு எத்தனை துண்டு விழ வேண்டும் என்று யோசித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதே நல்லது.

நூறு பேர் வரும் விருந்தை எடுத்துக்கொள்வோம். மட்டன், சீரகச் சம்பா, கறியோடு சேர்த்தே அரிசியை வேகவைக்கும் தம் முறை. பெரியவர்கள் 80, பிள்ளைகள் 20. பிள்ளைகளுக்குப் பாதி என்று வைத்தால் 90 பங்கு. பிரியாணிதான் முக்கியச் சாப்பாடு என்றால் ஒரு பங்குக்கு 110 கிராம் அரிசி போதும். 90 பங்குக்கு 9.9 கிலோ வருகிறது, பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கறி. ஐம்பது கிராமுக்குச் சற்று மேலாக வெட்டச் சொன்னால் ஒரு கிலோவில் 18, 19 துண்டு கிடைக்கும். பத்துக் கிலோவில் 190 துண்டு வரை வரும். ஆளுக்கு இரண்டு வந்துவிட்டதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதில் கழுத்தெலும்பு, சதை ஒட்டாத விலா, கொழுப்பு என்று ஆறில் ஒரு பங்காவது போய்விடும். அவற்றைத் துண்டு என்று எண்ணி யார் தட்டிலும் வைக்க முடியாது. மிஞ்சுவது 160, ஆளுக்கு இரண்டு வராது. 12 கிலோ வாங்கினால்தான் ஆளுக்கு நல்ல துண்டு இரண்டு நிச்சயம். மூன்று துண்டு வேண்டுமென்றால் 17, 18 கிலோவுக்குப் போக வேண்டும். எலும்பில்லாக் கறி என்றால் 12 கிலோவுக்குப் பதில் ஒன்பது போதும். கோழி சீக்கிரம் வேகும், துண்டும் பெரிது. அதில் பத்துக்குப் பத்து போட்டாலே தட்டு நிறைந்து தெரியும்.

அரிசியும் கறியும் ஆள் கணக்குக்கு நேராகப் பெருகும். தண்ணீர் அப்படிப் பெருகாது. பெரிய அளவில் செய்யும்போது பிரியாணி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் ஒரு கிலோ சீரகச் சம்பாவை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தால், அது முன்பே முந்நூறு மில்லி அளவுக்குத் தண்ணீரைக் குடித்திருக்கும். வெந்து முடிய இன்னும் ஒன்றேகால் லிட்டர் அளவுக்குக் கேட்கும். சின்னப் பாத்திரத்தில் கொதிக்கும்போது ஆவியாகிப் போவதற்கு ஒரு நானூறு மில்லி சேர்த்து, 1.6 லிட்டர் வைப்போம். இதையே பத்தால் பெருக்கினால் 16 லிட்டர் வரும். ஆனால் அரிசி குடிப்பது மட்டும்தான் பத்து மடங்காகும். ஆவியாவது தேக்சாவின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. பத்துக் கிலோ தேக்சாவில் அது ஒன்று, ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாது. ஆகவே 13 முதல் 14 லிட்டர் போதும். மீதி இரண்டு மூன்று லிட்டர்தான் சோற்றைக் குழைய வைக்கிறது.

இந்த 13 லிட்டரில் கறிச்சாறும் அடக்கம். வெந்த கறி, தக்காளி, தயிர், வெங்காயம் எல்லாம் விட்ட நீர் நான்கைந்து லிட்டர் ஏற்கெனவே தேக்சாவில் நிற்கும். அதைக் கண்ணால் மதிப்பிட்டு மேலே பதின்மூன்று லிட்டர் ஊற்றினால் பொங்கல்தான் கிடைக்கும். கறி முக்கால் பதம் வெந்ததும் சாற்றை வேறு பாத்திரத்தில் வடித்து, எண்ணெய் மேலே தெளிந்த பிறகு, எண்ணெயை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் அளந்து பார்க்க வேண்டும். குறைகிற அளவுக்கு மட்டும் கொதிக்கும் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இவ்வளவு பெரிய தேக்சா மறுபடி கொதிக்க நேரமெடுக்கும். அதற்குள் கறி வெந்து உதிர்ந்துவிடும்.

உப்பு எடைக்கு எடை பெருகும். இந்த அளவுக்கு 400 கிராம் சுற்றி வரும். முதலில் 300 போட்டு, அரிசி விழும் முன்பு கொதிக்கும் சாற்றை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். குழம்பாக ஊற்றிச் சாப்பிட முடியாத அளவுக்குக் கரித்தால்தான் அரிசி இழுத்த பிறகு சரியாக இருக்கும். அரிசி வெந்த பின்பு உப்பைத் தூவிச் சரிசெய்ய வழியில்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காயைப் பத்து மடங்காக்க வேண்டாம், ஏழு மடங்கே போதும். நீண்ட நேரம் கொதித்து அவற்றின் காரம் முழுதும் இறங்கிவிடும், மூடிய தேக்சாவில் வாசனையும் வெளியேறாது. எண்ணெயும் அப்படியே. ஒரு கிலோவுக்கு 200 மில்லி ஊற்றுபவர்கள் பத்துக்கு ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தேக்சா இரண்டடி அகலமாவது இருக்க வேண்டும். அப்போதுதான் வெந்த பிரியாணி ஒரு சாண் உயரத்துக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் மேலே உள்ள பாரம் அடியிலுள்ள சோற்றை நசுக்கும். மேல் அரிசி வேகக் காத்திருக்கும் நேரத்தில் அடியும் பிடித்துக்கொள்ளும். அதனால் இருநூறு பேர் என்றால் இருபது கிலோவை ஒரே தேக்சாவில் போடாமல், பத்துப் பத்தாக இரண்டு வைப்பதுதான் சரி.

தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே குழி குழியாகக் கொப்பளிக்கும்போது ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் சிறு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் தம் போடும் பதம். தீயை இழுத்துவிட்டு, மூடிமேல் கங்கு பரப்பி 25 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு கங்கை எடுத்துவிட்டு இன்னும் கால் மணி நேரம் மூடியே இருக்கட்டும். பெரிய தேக்சாவின் சூடு அப்போதும் சோற்றை வேகவைத்துக்கொண்டிருக்கும். எடுக்கும்போது ஓரத்திலிருந்து தட்டால் அடிவரை வெட்டி எடுங்கள், நடுவில் கரண்டி விட்டுக் கிண்டினால் பருக்கை உடையும்.

இங்கே சொன்ன தண்ணீர் அளவு ஓராண்டு பழகிய அரிசிக்கானது. புது அரிசி இதைவிடக் குறைவாகவே கேட்கும், எவ்வளவு குறைவு என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். விருந்துக்கு வாங்கிய அதே மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து, முந்தின நாளே வீட்டில் வேகவைத்துப் பார்த்துவிடுங்கள்.